எந்தக் கை என்று கேட்டுக்கொண்டு

1

மங்களம் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருசம் முடிந்ததென்று போன சனிக்கிழமை என் மகள் சுதா கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். கேக்கின் மேல் எங்கள் இரண்டு பேரின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கனடாவின் ஸ்காபரோவில் இரண்டு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை ஊரில் வாசிக்கிற சிலர், "உவன் அக்கராயன் குளக்கட்டிலை மாடு மேய்ச்சவனெல்லே" என்பார்கள். ஓம், அவன்தான். அந்த மாடுகளும் என்னுடையவை இல்லை.

கேக் வெட்ட முதல் பேரப்பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் எங்களோடு கதைப்பது பாதி ஆங்கிலம், மீதி கை அசைவு. இரண்டு கையாலும் காற்றைக் கட்டிப்பிடித்துக் காட்டி, அப்படி நில்லுங்கோ என்றார்கள். வந்திருந்த சனம் கை தட்டியது.

நான் மங்களத்தின் பக்கம் திரும்பினேன். "மங்களம், கட்டிப்பிடிக்கட்டோ?"

"இண்டைக்கு வேண்டாம்," என்றார்.

"சரி," என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன். பக்கத்தில் நின்று கேக்கை வெட்டினோம். பிள்ளைகள் அதைப் படம் எடுத்தார்கள்.

என்னோடு ஆரம்பத்தில் கோப்பை கழுவிய தியாகு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "சொந்த மனுசியைத் தொட பெர்மிற் எடுக்கிற ஆளை நான் இப்பதான் காணுறன்," என்றான். "உனக்கு உன்ர மனுசி தந்த பெர்மிற்றை ஒருக்காக் காட்டு பாப்பம்," என்றேன். தியாகுவின் மனுசிதான் முதலில் சிரித்தார். நிறைய நேரம் சிரித்தார். தியாகு கேக்கைச் சாப்பிட்டான்.

அன்றைக்கு வந்தவர்களில் பாதிப்பேர், எங்களுக்குள் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஊருக்கும் போன் போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். மங்களத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஒவ்வொரு பகுதியாகச் சொல்லச் சொல்ல சுதாவின் மனுசன் தட்டெழுதுகிறார். மங்களம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2

என் முதல் மனுசி பவளம் இங்கே நோய் வருத்தத்தில் செத்துப்போனா. ஊரில் இருக்கிற என் தங்கச்சி பூமணி, அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் ஒரே கதைதான்: "அண்ணை, கடையிலை ஆயிரம் பேர் சாப்பிடலாம். வீட்டிலை உனக்கு ஆர் போட்டுத் தாறது?" எனக்கு நானே போட்டுச் சாப்பிடத் தெரியும், ஊருக்கே சமைக்கிறவன் நான் என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். அவள்தான் மங்களத்தைச் சொன்னாள். ஸ்கந்தபுரத்தில் தையல் மெசினோடு தனியே இருக்கிறவர். புருசன் முதலே செல்லடியில் செத்துப்போய்விட்டார். கடைசிச் சண்டையில் மகளைத் தவறவிட்டவர். இவ்வளவும்தான் பூமணி சொன்னது. இதுக்கு மேலே கேட்க எனக்கும் பயமாக இருந்தது.

கொஞ்ச மாதம் போனில் கதைத்தோம். மங்களம் அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் கதைத்தால் அதில் உப்பு இருக்கும். என் கடைகளின் பெருமையை ஒருநாள் முழு மூச்சாகச் சொல்லி முடித்தேன். "சமையல் நீங்கள்தானோ, இல்லாட்டி வேலைக்காரரோ?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் இந்த மனுசியோடு இருக்கலாம் என்று நினைத்தேன்.

கடையைச் சுதாவிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். பஸ் புளியங்குளம் தாண்டிய பிறகு புதுச் சேட்டு ஒன்று மாற்றினேன். இந்த வயதில் அப்படி ஒரு கூத்து.

அக்கராயனில் பூமணி வீட்டில் சந்திப்பு. வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள், பலகாரம், சொந்தக்காரர். மங்களம் சாம்பல் நிறச் சேலையில் வந்தார். வரும்போது ஒன்று கவனித்தேன். இடது கை மற்றக் கையைப்போல வீசவில்லை. உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் அரைவாசி மடிந்து, அப்படியே நின்றது. வாசல் படலையைத் திறந்துவிட்டு, தான் உள்ளே வராமல் ஒரு கணம் ஒதுங்கி நின்றார். பிறகுதான் வந்தார். பின்னால் யாராவது வருகிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

பேச்சு முடிகிற நேரம் பூமணி போனை எடுத்தாள். சுதாவுக்குப் படம் அனுப்பவேண்டுமாம். எங்களைப் பக்கத்தில் நிறுத்தினாள். நான் யோசிக்க முதல், மங்களத்தின் இடது கையைப் பிடித்து இழுத்து என் கைக்குள் வைத்துவிட்டாள்.

மங்களம் ஒன்றும் சொல்லவில்லை. தலை குனிந்தார். "பார், இந்த வயதிலையும் வெக்கம்," என்று பூமணி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மங்களமும் சிரித்தார்.

எங்கள் ஆட்களுக்கு இது பெரிய பிழையாகவே தெரியாது. பெண் தலை குனிந்தால் வெட்கம். வெட்கமென்றால் விருப்பம். பேசாமல் நின்றால் சம்மதம். மூன்று படி, ஒரே பாய்ச்சலில் ஏறிவிடுவோம். ஆனால் நான் நாள் முழுக்க மா குழைக்கிறவன். கைக்குள் ஒரு பொருள் எப்படி இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அந்தக் கை என் கையைப் பிடிக்கவில்லை. என் கையை விட்டு ஓடவுமில்லை. வெய்யில் நேரத்தில் ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்த மீன்போலக் கிடந்தது. முகத்தில் சிரிப்பு, கையில் ஆள் இல்லை.

நான் கையை விரித்தேன். இறுக்கவும் இல்லை, தட்டி விடவும் இல்லை. விரித்துவைத்தேன், எடுக்கிறதென்றால் எடுக்கட்டும் என்று. எடுத்துவிட்டார். "அண்ணை, படம் விழேல்லை, இன்னொருக்கா," என்றாள் பூமணி. "காணும், எடுத்தது போதும்," என்றேன். "கை வேர்க்குது எனக்கு."

3

அன்றைக்கு நான் சரியாகச் செய்தது கையை விரித்தது ஒன்றுதான். அடுத்த நாள் ஸ்கந்தபுரத்துக்குப் போகும்போது ஒரு வாத எண்ணெய்ப் போத்தலோடு போனேன். கையில் வாதம் என்று நானே தீர்மானித்துவிட்டேன். கடைக்கு வருகிற ஆள் வாயைத் திறக்க முதல், இவருக்குக் கொத்துரொட்டி, இவருக்கு இடியப்பம் என்று சொல்லுகிற எனக்கு இது தெரியாதா?

மங்களம் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆருக்கு இது?"

"உங்கட இடக் கைக்கு. நோகுதெல்லே?"

"நோகேல்லை," என்றார். போத்தலை மேசையில் வைத்தார். பிறகு, "நீங்கள் நல்லாய்க் கண்டுபிடிக்கிறியள்," என்றார். அது பாராட்டு இல்லை என்று விளங்க ஐந்தாம் வகுப்பு காணும்.

அப்போதுதான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று சரியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதிலேதான் இருக்கிறது. "நேற்றுப் பூமணி உங்கட கையை என்ர கையிலை வைச்சவள். உங்களுக்கு அது விருப்பமில்லை எண்டு எனக்குப் பட்டது. பிழையாயும் இருக்கலாம். நான் ஊகிக்கிறதிலை சூரன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற ஆள். அதாலை கேக்கிறன். நான் உங்கட கையைப் பிடிக்கிறது உங்களுக்கு விருப்பமோ, இல்லையோ? இல்லையெண்டால் இல்லை. அதுக்காக நான் கலியாணக் கதையை விடமாட்டன். ஏன் எண்டும் கேக்கமாட்டன்."

மங்களம் பதில் சொல்லவில்லை. மெசினில் இருந்த துணியைத் தைத்து முடித்தார். பேசாமல் இருப்பதை ஓம் என்று நான் எடுக்கவில்லை. இல்லை என்றும் எடுக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தேத்தண்ணீர் தந்தார். குடித்துவிட்டு எழும்பினேன். மீண்டும் கேட்கவில்லை. கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டால் அது கேள்வி இல்லை, இழுவை.

படலை வரைக்கும் கூட வந்தார். அங்கே நின்று இடது கையை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்தக் கையிலை ஆள் இருக்கு."

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.

"மற்றக் கையைக் கேளுங்கோ. இப்ப இல்லை. இன்னொரு நாள்."

நான் சைக்கிளில் அக்கராயனுக்குத் திரும்பினேன். வழி முழுக்கப் பின்னால் பாரம் இருப்பதுபோல இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை கரியரில் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. இறங்கிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் விட்டு, அக்கராயன் குளக்கட்டில் நடந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "இண்டைக்கு வலக் கையைப் பிடிக்கலாமோ?" மங்களம் முன்னும் பின்னும் பார்த்தார். "அந்த மரம் மட்டும்," என்றார். மரம் வரைக்கும் பிடித்தேன். மரம் வந்ததும் விட்டேன். விட்டபோதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். அதற்கடுத்த நாள் கேட்டேன். "வேண்டாம்" என்றார். நேற்று ஓம் என்றவர் இன்றைக்கு ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குள் ஒரு குரங்கு குதித்தது. அதை உள்ளேயே கட்டிப்போட்டேன். முகத்தைத் தூக்கவில்லை. வழக்கம்போலக் கதைத்துக்கொண்டு நடந்தேன். நான் முகத்தைத் தூக்கினால், அடுத்த முறை அவர் என் முகத்துக்காக ஓம் சொல்லுவார். அந்த ஓம் எனக்கு வேண்டாம். சலுகை விலையில் வாங்கின மரக்கறி எந்த நாளும் அடியில் அழுகியிருக்கும்.

குளக்கட்டில் எதிரே வந்த கிழவன் ஒருவர், "என்ன, தள்ளித் தள்ளி நடக்கிறியள், சண்டையோ?" என்றார். "காற்று வரட்டுமெண்டு," என்றார் மங்களம்.

4

பதிவுக் கலியாணம் முடிந்தது. தாலி, ஐயர், கைபிடித்துச் சுற்றுதல் ஒன்றும் இல்லை. இரண்டு கையெழுத்து. என் கையெழுத்தைப் போட எனக்கு எந்தக் காலத்திலும் நேரம் எடுக்கும். மங்களம் பொறுத்திருந்தார்.

பிறகு வந்தது பைல். மனுசியைக் கூப்பிட இந்த நாடு கேட்கிற கடதாசிகளைக் கட்டினால் ஒரு மூட்டை நெல்லின் உயரம் வரும். வவுனியாவில் அந்த வேலை செய்கிற ஒரு தம்பியிடம் போனோம். படங்களைப் புரட்டிப் பார்த்தான். எல்லாவற்றிலும் நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம், நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் விட்டு.

"ஐயா, இது கலியாணப் படம் மாதிரியே இல்லை. பஸ்ஸுக்கு நிக்கிற படம் மாதிரிக் கிடக்கு," என்றான். உண்மையான புருசன் பெண்சாதி என்று அங்கே நம்பவேண்டுமாம். கட்டிப்பிடித்த படம் நாலைந்து இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பின்னால் ஒரு சுவரில் பூ ஒட்டி, படம் எடுக்கிற இடமும் வைத்திருந்தான். "அம்மா, வாங்கோ. ஒரு நிமிச வேலை. ஐயாவின்ர தோளிலை சாஞ்சு நில்லுங்கோ."

கூட வந்த பூமணி, "ஒரு படம்தானே மச்சாள்," என்றாள். "அண்ணை எவ்வளவு துலையிலை இருந்து வந்திருக்கிறார், எவ்வளவு செலவழிச்சிருக்கிறார்."

மங்களம் எழும்பினார். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. பூச்சுவருக்கு முன்னால் போய் நின்றார். தலை குனிந்திருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு. பூமணி வீட்டில் பார்த்த அதே சிரிப்பு. இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். யாரையோ படத்துக்குள் வராமல் பின்னால் ஒளித்து வைப்பதுபோல.

நான் போய்ப் பக்கத்தில் நின்றிருந்தால் படம் விழுந்திருக்கும். விசாவும் கெதியில் வந்திருக்கும். கூப்பிட்டவுடன் எழும்பி வந்தவர்தானே, அது ஓம்தானே என்று ஊரே சொல்லியிருக்கும்.

"தம்பி, ஒரு சோடா குடிச்சிட்டு வாறம்," என்றேன். பூமணியை அங்கேயே இருக்கச் சொன்னேன். மங்களத்தை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். இதை ஆட்களுக்கு முன்னால் கேட்கக்கூடாது. ஆட்களுக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல எங்கள் பெண்களுக்கு யாரும் பழக்கவில்லை.

சோடாக் கடை வாங்கில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அவன் சொல்லுறது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. படம் இல்லாட்டிச் சுணங்கலாம், மறுக்கவும் கூடும். அதை உங்களுக்கு ஒளிக்கமாட்டன். ஆனால் மறுத்தால் நான் வருசா வருசம் வந்து நிப்பன். என்னட்டை இரண்டு கடை இருக்கு, ரிக்கெற் போட ஏலும். பூமணி சொன்ன செலவுக் கதையை விடுங்கோ. செலவழிச்சது நான் விரும்பி. அதுக்கு நீங்கள் ஒண்டும் திருப்பித் தரத் தேவையில்லை. இப்ப சொல்லுங்கோ, உங்களுக்கு எது ஏலும், எது ஏலாது?"

மங்களம் சோடாவை முழுவதும் குடித்து முடித்தார்.

"வலக் கையைப் பிடிச்சு நிக்கிறன். கட்டிப்பிடிக்க ஏலாது. ஆக்கள் நெருக்கினால் எனக்கு மூச்சு வராது. அண்டைக்குச் சண்டைக்குத் தப்பிக் களப்பைக் கடக்கேக்கை சனம் அப்பிடித்தான் நெருக்கினது. தண்ணி கழுத்து மட்டும். இந்தக் கையிலை என்ர பிள்ளை வேணி. கை இருந்தது. பிறகு..."

நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. ஒன்பது வயதுப் பிள்ளை. எந்தப் பட்டியலிலும் இல்லை. செத்ததென்று ஒருவரும் சொல்லவில்லை. இருப்பதென்றும் சொல்லவில்லை. அதனால் மங்களம் அந்தக் கையை விடவில்லை. அவ்வளவுதான்.

உள்ளே போய், வலக் கையை மட்டும் பிடித்து ஒரு படம் எடுத்தோம். "இதுதான். பைலைக் கட்டு," என்றேன். "ரிஜெக்ட் ஆனால் என்னைச் சொல்லக்கூடாது," என்றான் தம்பி. "என்னையே நான் சொல்லமாட்டன், உன்னை ஏன் சொல்லுறன்?" என்றேன்.

5

நான் கனடாவுக்குத் திரும்புவதற்கு முதல் நாள், பின்னேரம், மங்களத்தின் குசினியில் இருந்தோம். பின்கதவு திறந்திருந்தது. மங்களம் சமையல் முடிந்து அடுப்பை நூர்த்துவிட்டு, திடீரென்று கேட்டார்.

"கட்டிப்பிடிக்கிறதெண்டால் எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

"எப்பிடியெண்டால்?"

"நீங்கள் கையை எங்கை வைப்பியள், எவ்வளவு நேரம், நான் விடச் சொன்னால் விடுவியளோ, அதைச் சொல்லுங்கோ."

அறுபது தாண்டிய இரண்டு பேர் குசினியில் நின்று இதைத் திட்டமிட்டோம். ஒரு கடை திறக்கவும் நான் இவ்வளவு திட்டம் போட்டதில்லை. கதவை அடைக்கக்கூடாது என்றார். கதவு அவருடைய கண்ணுக்குத் தெரியவேண்டும். நான் சுவர்ப்பக்கம் நிற்பேன், அவர் கதவுப்பக்கம். நான் கிட்டப் போகமாட்டேன், அவர்தான் வருவார். என் கைகள் கீழே. "காணும்" என்று சொல்லவேண்டிய தேவையும் இல்லை, விலகினால் அதுவே காணும்.

பிறகு என்னைக் கேட்டார். "உங்களுக்கு எங்கையாவது தொட்டால் பிடிக்காதோ?"

எனக்கு எங்கே தொட்டாலும் பிரச்சினை இல்லை, நான் இரும்பு என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போது ஞாபகம் வந்தது. இளந்தாரியாக இருந்தபோது ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் என் பிடரியைப் பிடித்து மண்ணில் அமத்தினார்கள். இன்றைக்கும் தலைமயிர் வெட்டுகிறவன் பிடரியில் கை வைத்தால் என் கால் விரல்கள் மடிந்துவிடும். இதைப் பவளத்துக்குக்கூடச் சொன்னதில்லை. பவளம் கேட்டதுமில்லை. நானும் அவவைக் கேட்டதில்லை. எங்கள் காலத்தில் கேட்கிற வழக்கம் இல்லை. அவ எதற்கு விரும்பி ஓம் என்றா, எதற்குச் சும்மா இருந்தா என்பது எனக்குத் தெரியாது. இனி யாரிடம் கேட்பது? சில விடியல்களில், கடையில் அடுப்பு மூட்டும்போது, பின்னால் நின்று பவளம் ஏதோ சொல்ல வாய் எடுப்பதுபோல இருக்கும்.

"பிடரியைத் தொடவேண்டாம்," என்றேன் மங்களத்திடம்.

"சரி," என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

வந்தார். நெற்றியை என் தோளில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நிறுத்தி வைத்த பையனைப்போல நான் கையைத் தொங்கப்போட்டபடி நின்றேன். கொஞ்சம் பொறுத்து, "கையைப் போடலாம். முதுகிலை. இறுக்காமல்," என்றார். போட்டேன். அடைகாக்கிற கோழியின் மேல் கை வைப்பதுபோல வைத்தேன். அவருடைய வலக் கை என் முதுகில் இருந்தது. இடது கை எங்களோடு சேரவில்லை. அது பக்கத்தில் கொஞ்சம் விலகி, கீழே, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரத்தில் நின்றது.

விலகினார். நானும் கையை எடுத்தேன். "மூச்சு வந்ததோ?" என்று கேட்டேன். "வந்தது," என்றார். பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்கும் பயமில்லை," என்றார்.

6

கடதாசி ஒன்று மாறி ஒன்று கேட்டார்கள். பிறகு மங்களத்தைக் கொழும்புக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வவுனியாத் தம்பி போன் எடுத்து, "நான் அப்பவே சொன்னனான்," என்றான். அந்தக் கிழமை முழுக்க என் கறிகளில் உப்புக் கூட என்று சனம் சொன்னது. கடை திறந்த நாள் தொடக்கம் எனக்கு அப்படி ஒரு பெயர் வந்ததில்லை.

உள்ளே நடந்ததை மங்களம் அன்றைக்கே போனில் சொன்னார். ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு ஆள். அந்தப் பெண் படங்களை மேசையில் பரப்பினாவாம். கலியாணம் கட்டியிருக்கிறீர்கள், ஒன்றிலும் நெருக்கமாக இல்லையே, ஏன் என்று கேட்டாவாம்.

"நான் உள்ளதைச் சொன்னனான்," என்றார் மங்களம். "அவர் கேட்டவர். நான் வேண்டாமெண்டனான். அவர் சரியெண்டவர். இவ்வளவும்தான் எண்டனான்."

மொழி மாற்றுகிற ஆள் இதைச் சொல்லி முடிக்க, அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தாவாம். பிறகு ஒருக்காலும் கட்டிப்பிடிக்கவில்லையா என்று கேட்டாவாம். "ஒருக்கா, குசினிக்குள்ளை, பின்கதவைத் திறந்து வைச்சு," என்று மங்களம் சொன்னாராம். "அதைப் படம் எடுக்க ஆளில்லை."

கொஞ்ச மாதத்தில் விசா வந்தது. அந்தப் பெண் என்ன நினைத்தா என்று எனக்குத் தெரியாது. நான் ஊகிக்கப்போவதில்லை. ஊகிக்கிற தொழிலைக் கடைக்கு வெளியே நான் விட்டுவிட்டேன்.

7

இங்கே வந்த பிறகு மங்களத்துக்கு மிகவும் பிடித்த ஆள் இரத்தம் எடுக்கிற நேர்ஸ். நேர்ஸ் ஊசியைத் தூக்கிக்கொண்டு, "எந்தக் கை?" என்று கேட்டாவாம். வலக் கையில் நரம்பு பிடிபடவில்லை. இடது கையைக் காட்டிக் கேட்டாவாம். மங்களம் தனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லில் "நோ" என்றாராம். "ஓகே" என்றுவிட்டு, வெந்நீர் குடிக்கக் கொடுத்து, வலக் கையிலேயே திரும்ப எடுத்தாவாம். வீட்டுக்கு வந்து இதை எனக்கு இரண்டு தரம் சொன்னார். சுதாவுக்கு ஒரு தரம்.

பனிக்காலத்தில் நான் வாங்கிக் கொடுத்த கையுறையில் வலப்பக்கத்தை மட்டும் போடுவார். இடது கை வெறுங்கையாக இருக்கும். பனி கை விரலைத் தின்னுகிற நாடு இது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் பிடித்து மாட்டவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "துணி நடுவிலை வந்தால் கை தெரியாது," என்றார். எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

கேக் வெட்டியதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை. கடைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றோம். கார் வைத்திருக்கிற ஆள்தான் நான், ஆனால் மங்களத்துக்குக் கதவடைத்த கார் ஒத்துக்கொள்ளாது. உறைபனி காற்றோடு அடித்தது. இடது கை விரல்கள் நாவற்பழ நிறத்துக்கு மாறியிருந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ."

திரும்பினேன்.

"இந்தக் கையைப் பிடிக்கிறியளோ?"

நான் அசையவில்லை. "இடக் கையையோ?" என்று கேட்டேன். பிழையாகக் கேட்டுவிடக்கூடாதே.

"ஓம். ஆனால் உள்ளங்கை அவளுக்கு. புறங்கையிலை மட்டும் வையுங்கோ. அவளுக்கும் குளிருது."

"எவ்வளவு நேரம்?"

"பஸ் வருமட்டும்."

என் கையுறையைக் கழற்றினேன். அவருடைய விரல்கள் வழக்கம்போல அரைவாசி மடிந்து, உள்ளே இடம் விட்டு நின்றன. அந்த இடத்துக்குள் என் விரல் போய்விடாமல், புறங்கையின் மேல் என் உள்ளங்கையை மெதுவாகக் கவிழ்த்தேன். "இது சரியோ?" என்றேன். "சரி," என்றார். மா குழைத்துக் காய்த்த கை என்னுடையது. அதற்குக் கீழே மங்களத்தின் கை. அதற்குள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் வெறுமையாக இருக்கவில்லை. கையில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் பிந்துகிற பஸ்ஸை நான் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு அது எவ்வளவு பிந்தினாலும் பிந்தட்டும் என்று நின்றேன்.

வந்துவிட்டது. கையை எடுத்தேன். கதவு திறந்தது. மங்களம் எந்த நாளும் செய்வதுபோல ஒரு பக்கம் ஒதுங்கி, தனக்கு முன்னால் ஒரு சின்ன ஆள் ஏறுகிற அளவுக்கு இடம் விட்டு நின்றார். சாரதி எங்களைப் பார்த்தான். நானும் ஒதுங்கி நின்றேன்.

பிறகு நாங்கள் ஏறினோம்.